டைம் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன்: விட்டுப்போன பஞ்ச், இரட்டைப் பதிவு, நடக்கவே முடியாத மணிக்கணக்கு

கோவையில் பம்ப் உதிரிபாகம் கடையும் ஒரு தொழிற்கூடம். ஆட்கள் 42 பேர், மூன்று ஷிப்ட். டைம் ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போக, ஸ்டோர்ஸில் இருந்த என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கைரேகை மெஷின் இருக்கிறது, சாப்ட்வேர் கணக்குப் போடுகிறது, நாம் பார்த்து அனுப்ப வேண்டியதுதானே என்று நினைத்தேன். முதல் மாதமே நைட் ஷிப்ட் ஆட்கள் நான்கு பேருக்குச் செய்யாத ஓ.டி.க்குப் பணம் போய்விட்டது. அடுத்த மாதம் அதைத் திரும்பப் பிடித்தபோது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பணத்தைச் செலவு செய்துவிட்டார்கள். தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். விட்டுப்போன பஞ்சை முதலில் நிரப்பத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. நானும் அதைத்தான் செய்தேன். அதனால்தான் அந்தப் பணம் போனது.

1. உட்காரும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

முதலில் மெஷினிலிருந்து இறக்கிய மூலப் பதிவு. சாப்ட்வேர் தரும் மாதாந்தர ரிப்போர்ட் இல்லை. அந்த ரிப்போர்ட்டில் சாப்ட்வேர் ஏற்கெனவே தன் முடிவுகளை எடுத்துவிட்டது. எந்த பஞ்சை உள்ளே வந்ததாக எடுத்தது, எதை வெளியே போனதாக எடுத்தது என்பது அதில் தெரியாது. ஆள் எண், தேதியோடு சேர்ந்த நேரம், எந்த கேட் மெஷின் என்ற மூன்றும் இருக்கும் பட்டியல்தான் வேண்டும். இறக்கியதும் அதற்கு ஒரு நகல் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். அந்த நகலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது.

அடுத்தது ஷிப்ட் அட்டவணை. சூப்பர்வைசர் மாத ஆரம்பத்தில் போட்டது போதாது, நடுவில் ஆள் மாற்றிய திருத்தங்களோடு இருப்பது வேண்டும். அப்புறம் லீவ் விண்ணப்பங்கள், வெளி வேலைச் சீட்டுகள், கேட்டில் செக்யூரிட்டி எழுதும் நோட்டு, மெஷின் வாரியாக எழுதும் உற்பத்திப் பதிவு. கடைசி இரண்டும்தான் உங்களுக்குச் சாட்சி. கேட் நோட்டு ஒரு பிரதிதான் இருக்கும், மாதம் முடிந்தால் அது எந்த மூலைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒருமுறை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை எக்செலில் திறந்ததும் தேதியைப் பாருங்கள். ஜூன் 5 என்பது மே 6 ஆக மாறியிருக்கலாம். கம்ப்யூட்டரின் தேதி முறை மாதத்தை முன்னால் வைப்பதாக இருந்தால் இப்படி ஆகும். 12-ஆம் தேதி வரைதான் இந்தக் குழப்பம் வரும், 13-லிருந்து சில வரிகள் தேதியாகவே ஏறாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அப்படி நின்றால் மேலே இருக்கும் 12 நாட்களும் தப்பு என்று அர்த்தம். மூடிவிட்டு, தேதி முறையைச் சரிசெய்து மறுபடி ஏற்றுங்கள்.

2. முதலில் நாளைச் சரிசெய்யுங்கள்

ஒருவருடைய பதிவை எடுத்துக்கொள்வோம். ஆள் எண் 117, அந்த வாரம் நைட் ஷிப்ட், இரவு 10 முதல் காலை 6 வரை. மூலப் பதிவில் இருப்பது இது:

```
117   திங்கள்   21:52
117   செவ்வாய்  06:08
117   செவ்வாய்  21:55
117   புதன்     06:05
```

அவர் செய்தது இரண்டு இரவு வேலை. முதல் இரவு 8 மணி 16 நிமிடம், இரண்டாம் இரவு 8 மணி 10 நிமிடம். ஆனால் சாப்ட்வேரில் நைட் ஷிப்ட் செட்டிங் சரியாக இல்லாவிட்டால் அது தேதி வாரியாகப் பிரித்து, அன்றைய முதல் பஞ்ச் உள்ளே, கடைசி பஞ்ச் வெளியே என்று எடுத்துக்கொள்ளும். அப்போது திங்களுக்கு ஒரே ஒரு பஞ்ச், அதாவது வெளியேறியது விட்டுப்போச்சு. செவ்வாய் 06:08 முதல் 21:55 வரை, 15 மணி 47 நிமிடம் வேலை. அவர் வீட்டில் தூங்கிய நேரம் முழுக்க வேலை நேரமாகிவிட்டது.

நான் அந்த முதல் மாதம் என்ன செய்தேன் தெரியுமா? திங்களில் பஞ்ச் இல்லை என்று பார்த்து, காலை 6 என்று கையால் நிரப்பினேன். செவ்வாயில் 15 மணி 47 நிமிடம் இருந்ததைப் பார்த்து, ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன். இதற்கு ஆன செலவைக் கணக்குப் பாருங்கள். மாதச் சம்பளம் 18,200 ரூபாய், 26 நாள் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 700, ஒரு மணிக்கு 87.50. ஓ.டி. இரட்டிப்பு, ஆக 175. எட்டு மணிக்கு மேல் இருந்த 7 மணி 47 நிமிடத்துக்கு 1,362 ரூபாய். திங்கள் முதல் சனி வரை ஆறு இரவு வேலை செய்தவருக்கு இப்படி ஐந்து பொய் நாட்கள் வரும், வாரத்துக்கு 6,800 ரூபாய்க்கு மேல்.

ஆகவே ஷீட்டில் விட்டுப்போன பஞ்சும் நீண்ட மணிக்கணக்கும் அடுத்தடுத்த நாட்களில் சேர்ந்து நின்றால், இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முனைகள் என்று சந்தேகப்படுங்கள். பஞ்ச் எதுவும் காணாமல் போகவில்லை, நாள் மாறி உட்கார்ந்திருக்கிறது.

எக்செலில் இதைச் சரிசெய்வது சுலபம். `A` நெடுவரிசையில் ஆள் எண், `B`-யில் தேதியும் நேரமும், `C`-யில் ஷிப்ட். நைட் என்றால் `N` என்று போடுங்கள். `D`-யில் வேலை நாள்:

```
=IF(C2="N",INT(B2-TIME(12,0,0)),INT(B2))
```

நைட் ஆளுக்கு நாள் என்பது பகல் 12-லிருந்து அடுத்த பகல் 12 வரை என்று இது எடுத்துக்கொள்ளும். செவ்வாய் காலை 06:08 திங்கள் கணக்குக்குப் போய்விடும். `D`-யைத் தேதி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏதோ ஐந்து இலக்க எண் தெரியும்.

ஒரு இடத்தில் மட்டும் இது ஏமாற்றும். நைட் வாரம் முடிந்து ஷிப்ட் மாறும் நாள். சனி இரவு வேலைக்கு வந்தவர் ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியே போவார். அட்டவணையில் ஞாயிறு அவருக்கு வார விடுமுறை, `N` இருக்காது. அந்த ஒரு வரிக்குக் கையால் `N` போடுங்கள். ஞாயிறு காலைப் பதிவுகளை மட்டும் தனியாக ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவதுதான் நல்லது.

3. அப்புறம் இரட்டைப் பதிவு

பட்டியலை ஆள் எண், அதற்குள் நேரம் என்ற வரிசையில் அடுக்குங்கள். `E`-யில் முந்தைய பஞ்சுக்கும் இதற்கும் எத்தனை நிமிட இடைவெளி என்று பாருங்கள்:

```
=IF(A2=A1,(B2-B1)*1440,"")
```

ஐந்து நிமிடத்துக்குக் குறைவான வரிகள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. பெரும்பாலும் கூலன்ட் எண்ணெய் பட்ட கை, மெஷின் சத்தம் கொடுத்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடி வைத்திருப்பார்கள். சில சாப்ட்வேர்கள் பஞ்சுகளை உள்ளே, வெளியே, உள்ளே என்று மாற்றி மாற்றி எண்ணும். அங்கே இந்த ஒரு இரட்டைப் பதிவு அன்றைய கணக்கையே தலைகீழாக்கிவிடும். 21:52-க்கு உள்ளே, அதே நிமிடத்தில் வெளியே, காலை 06:08-க்கு மறுபடி உள்ளே. மணிக்கணக்கு பூஜ்யம், ஆள் ஆப்சென்ட்.

உள்ளே வரும்போது இரட்டிப்பாக இருந்தால் முதல் பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள், வெளியே போகும்போது என்றால் கடைசியை. அழிக்க வேண்டாம், பக்கத்தில் `F`-இல் "இரட்டை" என்று குறித்து, எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுங்கள். எக்செலின் `Remove Duplicates`-ஐ ஆள் எண்ணும் தேதியும் கொடுத்து ஓட்டிவிடாதீர்கள். அது ஒரு நாளுக்கு ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தூக்கிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நைட் முடித்தவரை, அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை என்று சூப்பர்வைசர் நிறுத்தி வைப்பார். அவர் 06:02-க்கு வெளியே பஞ்ச் வைத்து, 06:06-க்கு மறுபடி உள்ளே வைப்பார். இடைவெளி நான்கே நிமிடம். இரட்டைப் பதிவு மாதிரியே இருக்கும், ஆனால் அவருடைய அடுத்த எட்டு மணி உழைப்பு அந்த இரண்டாவது பஞ்சில்தான் தொடங்குகிறது. அதை நீக்கினால் 14:03-க்கு அவர் வெளியே போன பஞ்ச் தனியாக நிற்கும். ஷிப்ட் மாறும் 6, 14, 22 மணியை ஒட்டிய ஜோடிகளை, அதற்குப் பிறகு வரும் பஞ்சையும் பார்க்காமல் தொடாதீர்கள். நைட்டைத் தொடர்ந்து நின்றவருக்கு, 06:06 வரியில் இருக்கும் `N`-ஐ எடுத்துவிட்டால் அது அன்றைய பகல் கணக்குக்கு வந்துவிடும்.

நிமிட இடைவெளியில் சிக்காத இரட்டிப்பும் உண்டு. வேலையை விட்டுப் போய்த் திரும்ப வந்தவருக்குப் புது எண் கொடுத்திருப்பார்கள், பழைய எண்ணின் ரேகையை மெஷினிலிருந்து எடுத்திருக்க மாட்டார்கள். சில நாள் பஞ்ச் புது எண்ணில் விழும், சில நாள் பழைய எண்ணில். புது எண்ணில் ஆப்சென்டாக இருக்கும் நாளெல்லாம் பழைய எண்ணில் ஒருவர் வேலைக்கு வந்திருந்தால், அது இதுதான். எங்கள் கான்ட்ராக்டர் ஆள் ஒருவரை கம்பெனி மஸ்டரில் சேர்த்த மாதம், இரண்டு மஸ்டரிலும் பதினொரு நாள் அவர் பெயர் இருந்தது. கான்ட்ராக்டர் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

4. இப்போதுதான் விட்டுப்போன பஞ்ச்

நாளும் சரி, இரட்டையும் குறித்தாயிற்று. இரட்டை வரிகளை ஒதுக்கிவிட்டு, ஒரு ஆளுக்கு ஒரு வேலை நாளில் எத்தனை பஞ்ச் என்று எண்ணுங்கள்:

```
=COUNTIFS(A:A,A2,D:D,D2,F:F,"<>இரட்டை")
```

ஒற்றைப்படை வந்தால் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இரட்டைப்படை என்றால் எல்லாம் சரி என்று நினைத்துவிட முடியாது. சாப்பாட்டுக்கும் பஞ்ச் வைக்கும் இடமாக இருந்தால் நான்கு வர வேண்டும், இரண்டு விட்டுப்போனால் இரண்டு மிஞ்சும். உள்ளே வந்த பஞ்சும் சாப்பாட்டுக்குப் போன பஞ்சும் மட்டும் இருந்தால் அவர் நான்கு மணி நேரம் மட்டும் வேலை செய்ததாகக் காட்டும்.

ஆளைக் கூப்பிடும் முன் பட்டியலை இன்னொரு முறை, இந்தத் தடவை தேதி வாரியாகவும் கேட் வாரியாகவும் பாருங்கள். ஒருமுறை எங்களிடம் வியாழன் பிற்பகல் ஒன்பது பேருக்கு வெளியேறிய பஞ்ச் இல்லை, ஒன்பது பேரும் பின் கேட். நான் ஒவ்வொருவருக்கும் விளக்கக் கடிதம் அடிக்கத் தொடங்கிவிட்டேன். நான்காவது ஆள் சொன்னார், "விரலை வச்சுப் பார்த்தனுங்க, சத்தமே வரலீங்க. கரண்டு போயிருந்துச்சுங்க." செக்யூரிட்டி நோட்டிலும் அன்று 13:40 முதல் 14:25 வரை மின்தடை என்று எழுதியிருந்தது. மெஷினின் பேட்டரி செத்திருந்தது. ஒன்பது தனி விண்ணப்பம் தேவையில்லை, மின்தடை விவரத்தோடு ஒரே ஒரு குறிப்பு, அதில் ஒன்பது எண்கள், சூப்பர்வைசர் கையெழுத்து. முடிந்தது.

தனி ஆளுக்கு விட்டுப்போயிருந்தால் விண்ணப்பம் வேண்டும். அதில் தேதி, உள்ளேயா வெளியேயா, எத்தனை மணி, சாட்சி என்ன, ஆளின் கையெழுத்து, சூப்பர்வைசரின் கையெழுத்து. "சாட்சி என்ன" என்ற கட்டம் பல இடங்களில் இருக்காது, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். கேட் நோட்டில் 14:10 என்று இருக்கிறதா, கடைசல் மெஷினின் உற்பத்திப் பதிவில் அவர் பெயரில் ஷிப்ட் முடிவு வரை எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். சாட்சி இல்லாமல் ஷிப்ட் முடியும் நேரத்தை அப்படியே நிரப்பினால் ஓ.டி. செய்தவருக்கு நஷ்டம், சீக்கிரம் போனவருக்கு லாபம்.

ஒரே ஆளுக்கு வாரத்தில் மூன்று நான்கு தடவை விட்டுப்போனால் அவரை அலட்சியக்காரர் என்று முடிவு செய்யாதீர்கள். வார்ப்பு, கடைசல் வேலை செய்பவர்களுக்கு விரல் தேய்ந்து ரேகை விழாது. வேறு விரலைப் பதிவு செய்து பாருங்கள், அதுவும் விழாவிட்டால் கார்டு கொடுங்கள். கார்டுக்கு ஆகும் செலவு நீங்கள் ஒரு மாதம் விண்ணப்பம் வாங்கித் திருத்தும் நேரத்தைவிடக் குறைவு.

இந்த வேலைக்குக் காலக்கெடு முக்கியம். பஞ்ச் விட்டுப்போன இரண்டு நாளுக்குள் கேட்டுவிட வேண்டும். இருபது நாள் கழித்துக் கேட்டால் அன்று எப்போது போனோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, எல்லோரும் ஷிப்ட் நேரத்தையே சொல்வார்கள்.

5. கடைசியாக மணிக்கணக்கு

மேலே இருக்கும் மூன்றும் முடிந்த பிறகும் விநோதமாக நிற்கும் எண்கள்தான் உண்மையிலேயே பார்க்க வேண்டியவை. எங்களிடம் 42 பேருக்கு ஒரு வாரத்தில் நான்கைந்து மிஞ்சும்.

12 மணி நேரத்துக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நாளையும் எடுங்கள். லீவ் விண்ணப்பம் கொடுத்த நாளில் பஞ்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் ஏற்றியதில் காலை 8 இரவு 8 ஆக மாறியிருக்கிறதா என்று பாருங்கள், சரியாக 12 மணி வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் அதுதான். முன் கேட்டில் உள்ளே வைத்த எல்லோரும் பத்து நிமிடம் தாமதமாகத் தெரிந்தால் ஆட்கள் தாமதமில்லை, அந்த மெஷினின் கடிகாரம் முன்னே ஓடுகிறது. வாரா வாரம் திங்கள்கிழமை இரண்டு மெஷினிலும் என் விரலை வைத்துப் போன் நேரத்தோடு ஒப்பிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இன்னொன்று, ஆட்களுக்குத் தெரியாமலே அவர்கள் பணம் போகும் இடம். ஒன்றரை மணி ஓ.டி.யை 1.30 என்று எழுதி, அதை அப்படியே கூலியால் பெருக்குவது. எக்செலுக்கு 1.30 என்றால் ஒரு மணி பதினெட்டு நிமிடம். ஒவ்வொரு தடவையும் 12 நிமிடம் காணாமல் போகிறது. மாதத்தில் 20 நாள் இப்படி என்றால் 4 மணி, மேலே சொன்ன கூலியில் 700 ரூபாய். ஒன்றரை மணி என்றால் 1.5 என்று இருக்க வேண்டும், அல்லது 1:30 என்று நேரமாக இருந்து 24-ஆல் பெருக்க வேண்டும். அதே மாதிரி மொத்த நேரத்தைக் கூட்டும் கட்டத்துக்கு `[h]:mm` வடிவம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 208 மணி என்பது 16:00 என்று தெரியும், ஏனென்றால் எக்செல் ஒவ்வொரு 24 மணியையும் ஒரு நாளாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் காட்டும்.

இதையெல்லாம் கழித்த பிறகும் 16 மணி நேரம் நின்றால் அது உண்மையாகவே இருக்கலாம். மேலே சொன்ன, நிறுத்தி வைக்கப்பட்ட ஆள் மாதிரி. 21:52 முதல் 06:02, 06:06 முதல் 14:03, கேட் நோட்டும் உற்பத்திப் பதிவும் ஒத்துப்போகின்றன. அப்படியென்றால் அவர் உழைத்திருக்கிறார். "இவ்வளவு மணி காட்டினால் ஆடிட்டில் கேட்பார்கள், அடுத்த வாரம் நாலு நாலு மணியாகப் பிரித்துப் போடு" என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒருவரை வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மணியைப் பிரித்து எழுதினால் அந்தப் பணம் அவருக்குப் போகாமல் போகலாம், நடக்காத நாளில் வேலை செய்ததாக ஒரு பொய்ப் பதிவும் உங்கள் கையெழுத்தில் நிற்கும். நேரத்தை உள்ளபடி வைத்து, யார் சொல்லி நின்றார் என்று பக்கத்தில் எழுதி, மேலாளரிடம் தனியாகக் காட்டுங்கள்.

6. கையெழுத்துக்கு அனுப்புவது

மேலாளருக்கு 42 பேரின் முழு ஷீட்டை மட்டும் அனுப்பினால் அவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். திருத்தங்களின் பட்டியலை மேலே வையுங்கள். ஆள் எண், நாள், முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, சாட்சி எது. ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும், அதைப் படிப்பார். திருத்தியவரும் ஒப்புதல் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. சின்ன இடமென்றால் சூப்பர்வைசராவது பார்த்துக் கையெழுத்திடட்டும்.

நாட்கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். எங்கள் வருகைக் கணக்கு மாதத்தின் 26 முதல் அடுத்த மாதம் 25 வரை. சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். ஒவ்வொரு திங்களும் முந்தைய வாரத்தை முடித்துவிட்டால் ஒன்றரை மணி நேர வேலைதான். 26, 27 தேதிகளில் கடைசி வாரம். 28-ஆம் தேதி ஒவ்வொருவருடைய நாள், ஓ.டி. மணி மட்டும் உள்ள பட்டியலை ஷாப்பில் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன், இரண்டு நாள் நிற்கும். நான் மூன்று தடவை பார்த்தும் விட்ட தப்பை, தன் கணக்கை மனசில் வைத்திருக்கும் ஆள் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். 30-ஆம் தேதி கையெழுத்து. மாதம் முழுக்க விட்டுவிட்டு 26-ஆம் தேதி உட்கார்ந்தால் முழுதாக இரண்டு நாள் போகும், கேட் நோட்டும் கிடைக்காது.

கையெழுத்தான பிறகு தப்பு தெரிந்தால் அந்த ஷீட்டைத் திறந்து திருத்தாதீர்கள். குறைவாகப் போயிருந்தால் அடுத்த மாதம் அரியர் என்று தனி வரியில், எந்த நாளுக்கு என்று எழுதிச் சேர்க்கலாம். அவசரம் என்றால் உடனே ரொக்க வவுச்சரில் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. அதிகமாகப் போயிருந்தால் பிடிக்கும் முன் அந்த ஆளை நேரில் கூப்பிட்டு, மூலப் பதிவின் வரிகளைக் காட்டி, எத்தனை மாதத்தில் பிடிப்பது என்று அவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். எண் 117-க்குப் போன பணத்தை நான் மூன்று மாதமாகப் பிரித்துப் பிடித்திருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றவில்லை, ஒரே மாதத்தில் பிடித்துவிட்டேன்.